ஃப்ளோட்டர் டிக்ளரேஷன் பாலிசி: சரக்கைக் குறைத்துக் காட்டினால் மிச்சமாவது என்ன?

கேள்வி: ஐயா, நான் பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறேன். மூன்று கிடங்குகள் உள்ளன. அறுவடை சமயத்தில் சரக்கு ஆறு கோடியை நெருங்கும். மற்ற மாதங்களில் இரண்டு கோடிக்கும் கீழே போய்விடும். அதனால் ஆறு கோடிக்கு ஃப்ளோட்டர் டிக்ளரேஷன் பாலிசி எடுத்து, ஏப்ரலில் ரூ.1,32,000 பிரீமியம் கட்டினேன். மாதாமாதம் கணக்குக் கொடுத்தால் வருடக் கடைசியில் பாதிப் பணம் திரும்ப வரும் என்று ஏஜெண்ட் சொன்னார். கணக்கைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் இன்னும் கூடுதலாக வரும் என்று நண்பர் சொல்கிறார். இதற்கிடையே அக்டோபர், நவம்பர் கணக்குகளை அனுப்ப மறந்துவிட்டேன். இதனால் என்ன ஆகும்? சென்ற ஆண்டின் மாதவாரிக் கணக்கை இணைத்துள்ளேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் ஏஜெண்ட் சொன்னதும் நண்பர் சொல்வதும் இரண்டுமே உங்கள் பாலிசிக்குப் பொருந்தாதவை. ஏஜெண்ட் வேறு ஒரு பாலிசியின் விதியை உங்கள் பாலிசிக்குச் சொல்லியிருக்கிறார். நண்பரின் யோசனையைப் பின்பற்றினால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வராது. தீ விபத்து நேர்ந்தால் மட்டும் இழப்பீட்டில் பல லட்சம் குறையும். ஏன் அப்படி என்பதை உங்கள் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

உங்கள் கையில் இருப்பது இரண்டு ஏற்பாடுகளை ஒன்றாகச் சேர்த்த பாலிசி. ஃப்ளோட்டர் என்பது மூன்று கிடங்குகளுக்கும் தனித்தனியாகத் தொகை பிரிக்காமல் ஒரே காப்பீட்டுத் தொகையை அவற்றின் மேல் படரவிடுவது. இன்று முதல் கிடங்கில் நான்கு கோடியும் மற்ற இரண்டில் ஒரு கோடியும் இருக்கலாம், அடுத்த வாரம் அது தலைகீழாக மாறலாம். மொத்தம் ஆறு கோடிக்குள் இருக்கும்வரை எந்தக் கிடங்கில் எவ்வளவு என்ற கேள்வி எழாது. இந்த வசதிக்காக மூன்று கிடங்குகளில் எதற்கு அதிக ரேட்டோ அந்த ரேட்டை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் பத்து சதவீதம் கூட்டிப் பிரீமியம் போடுவார்கள். உங்கள் ரசீதில் ஆயிரத்துக்கு ரூ.2.20 என்று இருப்பது ரூ.2.00 என்ற ரேட்டின் மேல் இந்தப் பத்து சதவீதம் சேர்ந்ததுதான். டிக்ளரேஷன் என்பது இன்னொரு ஏற்பாடு. ஆண்டின் உச்சச் சரக்குக்குத் தொகையை நிர்ணயித்து முழுப் பிரீமியத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டு, மாதந்தோறும் உண்மையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று அறிவித்து, ஆண்டு முடிவில் பன்னிரண்டு அறிவிப்புகளின் சராசரிக்கு மட்டும் பிரீமியத்தைக் கணக்கிட்டு மீதியைத் திரும்பப் பெறுவது.

திரும்பப் பெறும் தொகைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. 2001ஆம் ஆண்டின் அகில இந்திய தீ காப்பீட்டுக் கட்டண விதிகளின்படி, டிக்ளரேஷன் பாலிசி மட்டும் எடுத்தவருக்குக் கட்டிய பிரீமியத்தில் ஐம்பது சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். ஃப்ளோட்டரும் டிக்ளரேஷனும் சேர்ந்த பாலிசிக்குக் குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகை இரண்டு கோடி. அதில் ஆண்டுப் பிரீமியத்தின் எண்பது சதவீதத்தை நிறுவனம் வைத்துக்கொள்ளும். அதாவது சரக்கு எவ்வளவு குறைந்திருந்தாலும் திரும்பி வருவது இருபது சதவீதத்தைத் தாண்டாது. 2007 ஜனவரி முதல் ரேட்டை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஆயினும் டிக்ளரேஷன் தொடர்பான நிபந்தனைகள் பெரும்பாலும் அதே அச்சில்தான் பாலிசிகளில் தொடர்கின்றன. உங்கள் பாலிசியோடு இணைத்துத் தந்திருக்கும் நிபந்தனைத் தாளில் இந்தச் சதவீதம் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள். வேறு எண் இருந்தால், கீழே வரும் கணக்கில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு நீங்கள் குறித்திருக்கும் மாதச் சராசரிகள் லட்சத்தில் இவை: ஏப்ரல் 540, மே 580, ஜூன் 500, ஜூலை 420, ஆகஸ்ட் 340, செப்டம்பர் 260, அக்டோபர் 200, நவம்பர் 180, டிசம்பர் 220, ஜனவரி 300, பிப்ரவரி 420, மார்ச் 480. பன்னிரண்டையும் கூட்டினால் 4,440; பன்னிரண்டால் வகுத்தால் 370. ஆக ஆண்டு முழுவதும் உங்களிடம் சராசரியாக 3 கோடியே 70 லட்சம் சரக்கு இருந்திருக்கிறது. இந்த ஆண்டும் இதே போக்கு இருந்தால், அந்தத் தொகைக்கு ஆயிரத்துக்கு ரூ.2.20 வீதம் வரும் பிரீமியம் ரூ.81,400. நீங்கள் கட்டியது ரூ.1,32,000. வித்தியாசம் ரூ.50,600 என்று மனம் கணக்குப் போடும். ஆனால் இருபது சதவீத வரம்பு ரூ.26,400இல் நின்றுவிடும். நிறுவனம் ரூ.1,05,600ஐ எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு ரூ.26,400 திரும்ப வரும். ஜிஎஸ்டியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான எல்லைக்கோடு கிடைக்கிறது. ஆறு கோடியில் எண்பது சதவீதம் 4 கோடியே 80 லட்சம். உங்கள் ஆண்டுச் சராசரி அந்த அளவுக்கு இறங்கியவுடனேயே முழு ரூ.26,400 உங்களுக்கு உரியதாகிவிடுகிறது. அதற்குக் கீழே சராசரி 3.70 கோடியாக இருந்தாலும் சரி, இரண்டு கோடியாக இருந்தாலும் சரி, திரும்பி வரும் தொகை அதேதான். உங்கள் உண்மையான சராசரியே அந்தக் கோட்டுக்கு ஒரு கோடியே பத்து லட்சம் கீழே இருக்கும்போது, கணக்கை மேலும் குறைத்துக் காட்டுவதால் என்ன வந்துவிடப் போகிறது?

வராதது போகட்டும், போவது என்ன என்று பாருங்கள். விபத்துக்குப் பின், அதற்கு முந்தைய கடைசி அறிவிப்பில் நீங்கள் காட்டிய தொகை உண்மையில் காட்டியிருக்க வேண்டிய தொகையைவிடக் குறைவு என்று தெரியவந்தால், கிடைக்க வேண்டிய இழப்பீடும் அதே விகிதத்தில் குறைக்கப்படும் என்பது டிக்ளரேஷன் நிபந்தனைகளில் ஒன்று. ஜனவரி மாதத்தில் சராசரியாக 300 லட்சம் சரக்கு இருந்தது; மூன்றாம் கிடங்கில் இருந்த 90 லட்சத்தை விட்டுவிட்டு 210 லட்சம் என்று பிப்ரவரி 10ஆம் தேதி அறிவிப்பு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 20ஆம் தேதி இரண்டாம் கிடங்கில் தீப்பிடித்து 50 லட்சம் மதிப்புள்ள சரக்கு நாசமாகிறது. அன்று மூன்று கிடங்குகளிலும் சேர்த்து 420 லட்சம் சரக்கு இருந்தது; காப்பீட்டுத் தொகையோ 600 லட்சம்; எனவே காப்பீடு போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் 300க்கு 210 என்பது எழுபது சதவீதம் என்பதால், 50 லட்சம் இழப்புக்கு 35 லட்சம்தான் வரும். தீ மூன்றாம் கிடங்கில் பற்றவில்லையே என்று வாதாட முடியாது. ஃப்ளோட்டரில் எல்லாக் கிடங்குகளும் ஒரே தொகைக்குள் இருப்பதால் எந்தக் கிடங்கின் குறையும் எந்தக் கிடங்கின் இழப்பையும் பாதிக்கும். 15 லட்சம் போனது. அந்த 90 லட்சத்தை மறைத்ததால் ஆண்டுச் சராசரி ஏழரை லட்சம் குறைந்து, பிரீமியக் கணக்கில் ரூ.1,650 குறைந்திருக்கும்; ஏற்கெனவே வரம்பைத் தொட்டுவிட்டதால் அந்த ரூ.1,650கூட உங்கள் கைக்கு வராது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று சிலர் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் எரிந்த சரக்கை மட்டும் எண்ணிவிட்டுப் போவதில்லை. கொள்முதல் பில்கள், விற்பனை பில்கள், எடைமேடைச் சீட்டுகள், கிடங்கின் உள்வரவு வெளிச்செலவுப் பதிவேடு, ஜிஎஸ்டி கணக்குகள் ஆகியவற்றை வைத்து, ஆண்டின் தொடக்க இருப்பிலிருந்து விபத்து நாள் வரை சரக்கு ஏறி இறங்கியதை அவரே மறுபடி எழுதிப் பார்ப்பார். அதைவிடச் சுலபமான சாட்சி ஒன்று உங்கள் வங்கியிலேயே இருக்கிறது. சரக்கின்மேல் கடன் வாங்கியிருப்பவர்கள் மாதந்தோறும் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறார்கள். கடனாக எடுக்கும் வரம்பு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக அதில் சரக்கைக் கூட்டியும், காப்பீட்டு நிறுவனத்துக்கான அறிவிப்பில் குறைத்தும் காட்டுவது நான் பல கோப்புகளில் பார்த்த பழக்கம். ஒரே மாதத்துக்கு ஒரே கையெழுத்தில் இரண்டு தாள்கள், ஒன்றில் மூன்று கோடி, மற்றொன்றில் இரண்டு கோடி. அந்த இரண்டு தாள்களும் சர்வேயரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது வியாபாரி எந்தப் பக்கம் பேசினாலும் ஒருவரிடம் பொய் சொன்னவராகிறார். உங்களுக்கும் வங்கிக் கடன் இருக்குமானால், இரண்டு அறிக்கைகளும் ஒரே பதிவேட்டிலிருந்து வரட்டும்; மதிப்பிடும் முறையில் வேறுபாடு இருந்தால் அதை அறிக்கையின் அடியிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

வேண்டுமென்றே குறைப்பவர்களைவிட, தெரியாமல் குறைத்து மாட்டிக்கொள்பவர்கள் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். டிக்ளரேஷனில் மதிப்பு என்பது, பாலிசியில் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, சந்தை மதிப்பு. நீங்கள் வாங்கிய விலை அல்ல. அந்தச் சரக்கை அதே நிலையில் மொத்தச் சந்தையில் மறுபடி வாங்க என்ன ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விற்பனை லாபத்தை அதன்மேல் ஏற்ற வேண்டாம். உங்கள் கணக்கர் கிலோ 90 ரூபாய்க்கு வாங்கிய பருப்பை ஆறு மாதமாக 90 ரூபாய்க்கே இருப்பில் காட்டிக்கொண்டிருக்கலாம். சந்தையில் அது 108 ரூபாயாக ஏறியிருக்கும். மூட்டைகளின் எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் அறிவிப்பு ஆறில் ஐந்து பங்குதான் ஆகிறது. 50 லட்சம் இழப்பு ஏறத்தாழ 41 லட்சத்து 67 ஆயிரமாகச் சுருங்கும். எனவே ஒவ்வொரு மாத அறிவிப்பிலும் எண்ணிக்கை, எடை, அன்றைய மொத்த விலை, மதிப்பு என்று நான்கையும் காட்டுங்கள். விலைக்கு ஆதாரமாக அந்த வாரத்தின் ஒரு கொள்முதல் பில்லை நகலெடுத்துச் சேர்த்து வைப்பது பிற்பாடு பெரிய உதவியாக இருக்கும்.

வரி விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். வரி விதிக்கப்படும் சரக்குக்கு நீங்கள் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்து, அந்தச் சரக்கு தீயில் அழிந்துவிட்டால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி அந்த வரவு உங்களுக்கு இல்லை. எடுத்ததைத் திருப்ப வேண்டும். அது உங்கள் உண்மையான நட்டத்தின் ஒரு பகுதி. அந்த வரியையும் இழப்பீட்டில் கேட்க விரும்பினால் காப்பீட்டுத் தொகையிலும் மாத அறிவிப்பிலும் வரி சேர்ந்த மதிப்பே இருக்க வேண்டும். அறிவிப்பில் வரியில்லாமலும் இழப்பீட்டுக் கோரிக்கையில் வரியோடும் காட்டினால், மேலே சொன்ன விகிதக் குறைப்புக்கு நீங்களே வழி திறந்துவிட்டவராவீர்கள்.

இனி நீங்கள் தவறவிட்ட இரண்டு மாதங்கள். ஒரு மாதத்துக்கான அறிவிப்பு அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அக்டோபருக்கு நவம்பர் 30, நவம்பருக்கு டிசம்பர் 31. அந்த நாள் தாண்டினால் அந்த மாதத்துக்கு முழுக் காப்பீட்டுத் தொகையையே, அதாவது 600 லட்சத்தையே, நீங்கள் அறிவித்ததாகக் கொள்வார்கள். 200, 180 என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு 600 ஏறும்போது கூட்டுத்தொகை 5,260 ஆகிறது. சராசரி சுமார் 438 லட்சம். இது இன்னும் 480க்குக் கீழேதான் இருப்பதால், மற்ற மாதங்கள் சென்ற ஆண்டைப் போலவே அமைந்தால், உங்களுக்கு வர வேண்டிய ரூ.26,400இல் ஒன்றும் குறையாது. செப்டம்பர், டிசம்பர் அறிவிப்புகளும் தவறியிருந்தால் சராசரி 498 லட்சத்துக்கு மேல் ஏறி, திரும்பி வருவது ரூ.22,367ஆகக் குறைந்திருக்கும். ஆகவே பிரீமியக் கணக்கைப் பொறுத்தவரை இது பெரிய அடி அல்ல.

ஆனாலும் இந்த இரண்டு மாதக் கணக்கையும் தாமதமாகவாவது இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். முழுத் தொகை அறிவித்ததாகக் கொள்வது பிரீமியத்தைச் சரிக்கட்டுவதற்கான ஏற்பாடு. நாளை ஒரு விபத்து என்றால், உங்கள் கையெழுத்திட்டுக் கோப்பில் கிடக்கும் கடைசி அறிவிப்பு செப்டம்பருடையது என்ற நிலையில், எதை ‘கடைசி அறிவிப்பு’ என்று எடுத்துக்கொள்வது என்பதிலேயே வீண் வழக்குத் தொடங்கிவிடும். டிசம்பர் மாதத்துக்கு ஜனவரி 31 வரை நேரம் இருக்கிறது. அதை உரிய நாளுக்குள் அனுப்பிவிட்டால் அந்தக் குழப்பமே எழாது. பாலிசி வழங்கிய அலுவலகத்தின் மின்னஞ்சலுக்கே, பொருள் வரியில் பாலிசி எண்ணும் மாதமும் தெரிய அனுப்புங்கள். ஏஜெண்டின் கைப்பேசிக்குப் படம் எடுத்து அனுப்புவதை அறிவிப்பு என்று நினைத்திருந்து, அது அலுவலகத்தையே எட்டவில்லை என்று பிற்பாடு அறிந்தவர்களை எனக்குத் தெரியும். சரக்கே ஏறாத, இறங்காத மாதமாக இருந்தாலும் அறிவிப்பு போக வேண்டும்.

அறிவிப்பை இரண்டு முறைகளில் ஒன்றில் தரலாம். மாதத்தின் ஒவ்வொரு நாள் இருப்பையும் கூட்டி நாட்களின் எண்ணிக்கையால் வகுத்த சராசரி ஒன்று. மாதத்திலேயே அதிகமாக இருந்த ஒரு நாளின் மதிப்பு மற்றொன்று. நவம்பரில் முதல் பத்து நாள் 160 லட்சம், அடுத்த பத்து நாள் 175, கடைசிப் பத்து நாள் 205 என்றால் சராசரி 180, உச்சம் 205. எல்லோரும் சராசரியைத்தான் விரும்புவார்கள், பிரீமியம் குறையும் என்பதால். உங்கள் நிலையில் நான் உச்ச மதிப்பு முறையையே பரிந்துரைப்பேன். மாதந்தோறும் 25 லட்சம் கூடுதலாகக் காட்டினாலும் ஆண்டுச் சராசரி 395 லட்சம்தான் ஆகும். 480ஐத் தொடாதவரை அந்தக் கூடுதலுக்காக உங்களிடமிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை. விடுமுறை நாட்கள் உட்பட முப்பது நாள் இருப்பையும் பிழையில்லாமல் எழுதிச் சராசரி எடுக்கும் வேலையும், அதில் ஒரு நாள் தவறினால் வரும் வினையும் மிச்சம். ஆனால் நிபந்தனைத் தாளில் எந்த முறை குறிக்கப்பட்டிருக்கிறதோ அதைத்தான் பின்பற்ற வேண்டும்; ஒரு மாதம் இது, ஒரு மாதம் அது என்று மாற்றக் கூடாது. மாற்றுவதானால் புதுப்பிக்கும்போது எழுதிக் கேட்டு மாற்றுங்கள்.

அறிவிப்பு சரியாக இருந்தாலும் தனியாக வந்து கடிக்கக்கூடிய இன்னொரு விதி உண்டு. விபத்து நாளில் மூன்று கிடங்குகளிலும் இருந்த மொத்தச் சரக்கின் மதிப்பு காப்பீட்டுத் தொகையைத் தாண்டியிருந்தால், தாண்டிய விகிதத்துக்கு இழப்பீடு குறையும். மே மாதம் விலையும் ஏறி வரத்தும் கூடி 720 லட்சம் ஆகிவிட்ட நாளில் 50 லட்சம் எரிந்தால், 720க்கு 600 என்ற விகிதத்தில் 41 லட்சத்து 67 ஆயிரம் என்பதே கணக்கு. அறிவிப்பில் 720 என்று நேர்மையாக எழுதிவிட்டதால் பாதுகாப்பு தானாக 720க்கு உயர்ந்துவிடாது. தொகையை உயர்த்த என்டார்ஸ்மென்ட் தனியாக வாங்கி, மீதமுள்ள காலத்துக்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். இடையில் தொகையை உயர்த்தலாமே தவிரக் குறைக்க எந்த நிலையிலும் அனுமதி இல்லை. 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, பாரத் லகு உத்யம் சுரக்ஷா பாலிசிகளில் 15 சதவீதம் வரையிலான குறைக் காப்பீட்டைப் பொருட்படுத்தமாட்டார்கள். உங்களுடையது அந்த வகையா என்று பாருங்கள். அந்தச் சலுகை காப்பீட்டுத் தொகை போதாமல் போனதற்குத்தான். அறிவிப்பில் விட்ட குறையையும் அது காப்பாற்றும் என்று எண்ணியிருக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கிடங்கு முகவரிகளைப் பற்றி ஒன்றும் இல்லை. ஃப்ளோட்டர் என்பதால் சரக்கு எங்கிருந்தாலும் காப்பீடு உண்டு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பாலிசி அட்டவணையில் எழுதப்பட்ட முகவரிகளுக்குள் மட்டுமே அது படரும். அறுவடை நெருக்கடியில் இரண்டு மாதத்துக்கு வாடகைக்குப் பிடிக்கும் நான்காவது கிடங்கை, முதல் மூட்டை உள்ளே போகும் முன் அட்டவணையில் ஏற்ற வேண்டும். ஒரு கிடங்கிலிருந்து மற்றொன்றுக்கு லாரியில் போகும் சரக்கு இதில் வராது. அதற்கு உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீடு தனி. மிளகாயை அரைத்துத் தூளாக்கும் வேலையும் உங்களிடம் நடக்கிறது என்றால், செய்முறையில் இருக்கும் சரக்கை டிக்ளரேஷன் முறையில் காப்பீடு செய்ய முடியாது என்பதால் அதற்கு வேறு ஏற்பாடு தேவை.

அடுத்த ஏப்ரலில் புதுப்பிக்கும் முன் ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: மூன்று கிடங்குகளுக்கிடையே சரக்கு உண்மையிலேயே கணிக்க முடியாதபடி இடம் மாறுகிறதா? இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சம் உண்டு, அது அநேகமாக மாறுவதில்லை என்றால், ஃப்ளோட்டரை விட்டுவிட்டுக் கிடங்கு வாரியாகத் தொகை குறித்த டிக்ளரேஷன் பாலிசி உங்களுக்கு மலிவாக அமையலாம். முதல் கிடங்கின் உச்சம் 4 கோடி, இரண்டாவது 2 கோடி, மூன்றாவது 1.50 கோடி என்று வைத்தால் மொத்தம் 7.50 கோடி. பத்து சதவீதக் கூடுதல் இல்லாததால் ஆயிரத்துக்கு ரூ.2.00 வீதம் முதலில் கட்டுவது ரூ.1,50,000, இன்று கட்டுவதைவிட ரூ.18,000 அதிகம். ஆனால் இங்கே வரம்பு ஐம்பது சதவீதம். சராசரி 3.70 கோடிக்குப் பிரீமியம் ரூ.74,000; நிறுவனம் குறைந்தபட்சம் எடுக்கக்கூடியது ரூ.75,000, ஆகவே ரூ.75,000 திரும்ப வரும். கடைசியில் உங்களுக்கு ஆகும் செலவு ரூ.1,05,600க்குப் பதில் ரூ.75,000. ஏஜெண்ட் சொன்ன ‘பாதிப் பணம்’ இந்தப் பாலிசியில்தான் இருக்கிறது. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை இரண்டு: அறிவிப்பைக் கிடங்கு வாரியாகத் தர வேண்டும், ஒரு கிடங்கில் அதன் தொகையைத் தாண்டிச் சரக்கு குவிந்த நாளில் தீப்பிடித்தால், மற்ற இரண்டும் காலியாகக் கிடந்தாலும் அவற்றின் காப்பீட்டுத் தொகை உதவிக்கு வராது. இங்கே அறிவிப்பைத் தவறவிடுவதும் உடனடியாகப் பணத்தைத் தின்னும், ஏனென்றால் உங்கள் சராசரி வரம்பை ஒட்டியே நிற்கிறது. சென்ற ஆண்டின் பதிவேட்டில் கிடங்கு வாரி உச்சங்களைப் பார்த்து, அவற்றின் கூட்டுத்தொகை 7.50 கோடிக்கு அருகில் இருந்தால் இந்த வழியைப் பற்றி நிறுவனத்திடம் எழுத்தில் விலை கேளுங்கள். கூட்டுத்தொகை பத்து கோடியைத் தாண்டினால் குறைந்தபட்சமே ஒரு லட்சம் ஆகிவிடும், சேமிப்பு ரூ.5,600க்குச் சுருங்கிவிடும், அப்போது ஃப்ளோட்டரிலேயே இருப்பது நிம்மதி.

மார்ச் 31இல் பாலிசி முடிந்தவுடன் ரூ.26,400 தானாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். மார்ச் மாத அறிவிப்பை ஏப்ரல் 30க்குள் அனுப்பும்போதே, பன்னிரண்டு மாத அறிவிப்புகளையும் அவை அனுப்பிய தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, சராசரி, அதற்கான பிரீமியம், வரம்பு, திரும்ப வர வேண்டிய தொகை ஆகியவற்றை நீங்களே கணக்கிட்டு, பிரீமியத்தைச் சரிக்கட்டித் தரும்படி கோரிக்கைக் கடிதம் கொடுங்கள். அக்டோபர், நவம்பர் என்ற இரண்டு வரிகளிலும் 200, 180 என்று எழுதாமல் 600 என்றே போடுங்கள்.